`great`-க்குள் ஒளிந்திருந்த `eat`: 386 பொங்கல் கருத்துகளைச் சொற்பட்டியல் போட்டுப் பிரித்த கதை

எங்கள் பேட்டையில் ஒவ்வோர் ஆண்டும் குடியிருப்பாளர்களுக்காகப் பொங்கல் விருந்து ஒன்று நடத்துகிறோம். சிங்கப்பூரில் பொங்கலுக்குப் பொது விடுமுறை கிடையாது, அதனால் அடுத்து வரும் ஞாயிறுதான் எங்களுக்குப் பொங்கல். வீவக புளோக்குகளுக்கு நடுவில் இருக்கும் திறந்த கூடத்தில் வாழையிலைச் சாப்பாடு, பிள்ளைகள் நடனம், கோலப்போட்டி, ஒரு ஃபோட்டோ மூலை. முடிந்ததும் கூகல் படிவம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். அதில் கடைசிக் கேள்வி, "வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?" இந்த முறை அந்தப் பெட்டியில் மட்டும் 386 பேர் எழுதியிருந்தார்கள். ஆங்கிலம், தமிழ், ஆங்கில எழுத்தில் தமிழ், நடுவில் கொஞ்சம் மலாய், எல்லாம் கலந்து.

செயலாளர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எத்தனை பேர் எதைப் பத்திப் பேசியிருக்காங்கன்னு ஒரு பக்கத்துல வேணும். புதன்கிழமை கூட்டம்." சரி என்றேன். 386 கருத்து ஒரு மதியத்தில் படித்து முடிக்கக்கூடியதுதான், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இவ்வளவு சின்னக் குவியலை உட்கார்ந்து படித்துவிடுவதுதான் உத்தமம். ஆனால் இதே படிவம் தீபாவளிக்கும் போகும், அடுத்த பொங்கலுக்கும் போகும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவுகோலில் எண்ணினால்தானே ஒப்பிட முடியும்? அதனால் சொற்பட்டியல் வழியில் இறங்கினேன்.

வழி ஒன்றும் பெரிதில்லை. `Words` என்று தனித் தாள். A வரிசையில் தேடவேண்டிய சொல், B வரிசையில் அது எந்தத் தலைப்பைச் சேர்ந்தது. கருத்து இருக்கும் தாளில் ஒவ்வொரு வரிக்கும் இந்தச் சூத்திரம்:

```
=IFERROR(INDEX(Words!B$2:B$60, MATCH(TRUE, ARRAYFORMULA(ISNUMBER(SEARCH(Words!A$2:A$60, C2))), 0)), "மற்றவை")
```

`SEARCH` ஒவ்வொரு சொல்லையும் கருத்துக்குள் தேடும், இருந்தால் அது எத்தனாவது எழுத்தில் என்று எண் கொடுக்கும், இல்லையென்றால் பிழை. `ISNUMBER` அதை ஆம், இல்லை ஆக்கும். `MATCH` முதல் 'ஆம்' எங்கே என்று பார்க்கும், `INDEX` அதற்கு நேரே உள்ள தலைப்பை எடுத்துவரும். எதுவும் சிக்காவிட்டால் "மற்றவை". சொற்களை நானும் இன்னும் இரண்டு தொண்டூழியர்களும் உணவங்காடியில் தேநீர் குடித்துக்கொண்டே யோசித்து எழுதினோம்: உணவுக்கு `food`, `eat`, `rice`, `சாப்பாடு`, நிகழ்ச்சிக்கு `dance`, `song`, `பாட்டு`, வெக்கைக்கு `hot`, `heat`, `aircon`, வரிசைக்கு `queue`, `வரிசை`, `கூட்டம்`, அப்புறம் கழிப்பறை, வண்டி நிறுத்தம். பெரிய தவறு இங்கேயே நடந்துவிட்டது, ஆனால் அது தெரிய மூன்று நாள் ஆயிற்று.

முதல் ஓட்டத்தில் வந்தது இது. உணவு 171, வெக்கை 58, நிகழ்ச்சி 49, வரிசை 23. மிச்சம் 85 வரிகள் வெறுமையாக இருந்தன.

அண்ணனுக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது. "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன், அந்தக் கேட்டரர் சரியில்ல. 171 பேர்! அடுத்த வருஷம் ஆளை மாத்திடுவோம்." எனக்கும் அப்போது மறுக்கத் தோன்றவில்லை. அட்டவணையில் எண் இருந்தது, எண்ணுக்குப் பக்கத்தில் 'உணவு' என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

உறுத்தியது அந்த 85 வெற்று வரிகள். சூத்திரம் ஒன்று தலைப்பைக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் 'மற்றவை' என்று கொடுக்கவேண்டும். வெறுமையாக விட அதற்கு வழியே கிடையாது. அதோடு கழிப்பறையும் வண்டி நிறுத்தமும் சுத்த பூஜ்யம். சிங்கப்பூரில் ஒரு பொது நிகழ்ச்சி முடிந்து பார்க்கிங் பற்றி ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை என்றால் அதை நம்பலாமா? `Words` தாளைத் திறந்து பார்த்தால், வரிசை தொடர்பான சொற்களுக்கும் கழிப்பறைச் சொற்களுக்கும் நடுவில் யாரோ பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒரு காலி வரி விட்டிருக்கிறார். காலிக் கட்டத்தை `SEARCH` 'ஒன்றுமில்லாத சொல்' என்று எடுத்துக்கொள்கிறது. ஒன்றுமில்லாதது எல்லாக் கருத்திலும் முதல் எழுத்திலேயே 'இருக்கிறது'. ஆகவே அந்த வரிக்கு வந்ததும் எல்லாம் பொருந்திவிடும், அதற்கு நேரே உள்ள தலைப்பும் காலி, கீழே இருக்கும் சொற்களை மனிதர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வரியை நீக்கினேன். 85 பிரிந்தது: கழிப்பறை 9, வண்டி நிறுத்தம் 14, மற்றவை 62.

அந்த ஒரு பிழை தானாகவே கண்ணில் பட்டது. மற்றப் பிழைகள் அப்படிப் படக்கூடியவை அல்ல, ஏனென்றால் அவை எண்ணைத் தப்பாக்கினாலும் அட்டவணையைப் பார்க்க நன்றாகவே வைத்திருந்தன.

மறுநாள் எம்ஆர்டியில் போகும்போது கைப்பேசியில் 'வெக்கை' தலைப்பில் விழுந்த கருத்துகளை மேலிருந்து கீழாகப் படித்தேன். மூன்றாவதே "Photo booth was super cute!!" நாலாவது, "pls share the photos". எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது, `photo` என்ற சொல்லின் நடுவில் `hot` உட்கார்ந்திருக்கிறது. `SEARCH` சொல்லைத் தேடுவதில்லை, எழுத்துத் தொடரைத் தேடுகிறது. அந்த 58-ல் 31 ஃபோட்டோ மூலையைப் பாராட்டியவை. இன்னும் 7, "sambar nice and hot" மாதிரி, சூடான சாப்பாட்டைப் புகழ்ந்தவை. உண்மையிலேயே புழுங்கியது என்று சொன்னவர்கள் 20 பேர்.

உடனே உணவுப் பக்கம் போனேன். அங்கே கதை இன்னும் மோசம். `eat` என்ற மூன்றெழுத்து `great`-க்குள் இருக்கிறது, `seat`-க்குள் இருக்கிறது, `heat`-க்குள்ளும் இருக்கிறது. "Great job everyone" என்று வாழ்த்தியவர் எல்லாம் உணவு பற்றிப் பேசியவர் ஆனார். "The heat was unbearable" என்று எழுதியவரும் உணவுதான், ஏனென்றால் பட்டியலில் உணவு முதலில் வருகிறது, முதலில் பிடித்த சொல்லோடு `MATCH` நின்றுவிடும். `rice` பிடித்தவற்றில் ஐந்து `price`. எட்டு வெள்ளிக்கு நியாயமான விலை என்று சொன்னவர்களைக் கேட்டரருக்கு எதிராக எண்ணி வைத்திருந்தோம்! இப்படி 171-ல் 40 உணவோடு சம்பந்தமே இல்லாதவை.

இங்கே நான் செய்த ஒரு காரியம்தான் மொத்தத்திலும் உருப்படியானது, மற்றதெல்லாம் ஒட்டுப்போடும் வேலை. தலைப்பை மட்டும் காட்டாமல், எந்தச் சொல் பிடித்தது என்பதையும் பக்கத்துக் கட்டத்தில் காட்டச் சொன்னேன். பிறகு பிவட் டேபிள் போட்டு, சொல்வாரியாக எத்தனை என்று எண்ணினேன். `eat` 38 என்று வந்தது. அந்த 38-ஐப் படிக்க இரண்டு நிமிடம். 29 `great`, 6 `seat` அல்லது `heat`, மூன்று மட்டுமே சாப்பிடுவது பற்றியவை. ஐம்பத்தெட்டுச் சொல் இருந்தாலும் எண்ணிக்கையின் பெரும்பகுதியைச் சுமப்பது ஏழெட்டுச் சொல்தான், அவற்றைத் திறந்து பார்த்தாலே பாதி அழுக்கு வெளியே வந்துவிடும்.

அடுத்தது அந்த 'முதலில் வந்தவனுக்கே' விதி. "Food was good but queue terrible, my mother stood 40 mins" என்ற கருத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது, நம் சூத்திரம் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும், அதுவும் எழுதியவரின் கடுப்பை விட்டுவிட்டு, பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதை. இது சூத்திரத்தின் குற்றம் இல்லை, ஒரு கருத்துக்கு ஒரே தலைப்பு என்று நாம் வைத்த விதியின் குற்றம். பட்டியலைத் தலைகீழாக்கிப் பார்த்தேன், வரிசை மேலே போயிற்று, உணவு கீழே வந்தது. அடுக்கை மாற்றினால் முடிவு மாறுகிறது என்றால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் பிழைப்பில் கை வைக்கலாமா?

ஆகவே ஒரு தலைப்புக்கு ஒரு தனி நெடுவரிசை என்று மாற்றினேன். முதல் வரியில் அந்தத் தலைப்பின் சொற்களெல்லாம் `|` குறியால் பிரித்து ஒரே தொடராக, கீழே ஒவ்வொரு கருத்துக்கும் இது:

```
=IFERROR(REGEXEXTRACT($C3&"", "(?i)"&E$1), "")
```

சிக்கினால், சிக்கிய துண்டையே கட்டத்தில் காட்டும், சிக்காவிட்டால் காலி. தலைப்பும் அதற்கான சாட்சியும் ஒரே இடத்தில். `(?i)` பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை மறக்கச் சொல்கிறது. `SEARCH` அதைத் தானாகச் செய்யும், இது செய்யாது. `&""` எதற்கென்றால், சிலர் கருத்துப் பெட்டியில் வெறும் `100` என்று மதிப்பெண் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், எண்ணைக் கண்டால் இந்தச் சார்பு பிழை காட்டும். ஆங்கிலச் சொல்லுக்கு இரு பக்கமும் `\b` போட்டால் முழுச்சொல்லாக மட்டும் தேடும், `\beat\b` என்றால் `great` சிக்காது. இது இல்லாமல் `q` என்பதைப் பட்டியலில் வைத்திருக்கவே முடியாது. நம் ஆட்கள் "Q very long" என்றுதான் எழுதுவார்கள், வெறும் `q` என்று தேடினால் `quite`, `quality` எல்லாம் வரிசையில் வந்து நிற்கும்.

தமிழுக்கு வரும்போது இந்த `\b` கைவிட்டது. கூகல் ஷீட்ஸ் பயன்படுத்துவது ஆர்இ2 என்ற தேடுபொறியை, அதில் `\b` ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு ஆகியவற்றை மட்டும் வைத்து எல்லை பார்க்கிறது. தமிழ் எழுத்து அதற்கு எழுத்தே இல்லை. சரி, எல்லை கிடைத்திருந்தாலும் தமிழுக்கு அது பெரிதாக உதவியிருக்காது. யாரும் 'கூட்டம்' என்று தனியாக எழுதுவதில்லையே. கூட்டத்தில், கூட்டத்தால, கூட்டமா என்றுதான் எழுதுகிறார்கள். நாங்கள் வைத்த `கூட்டம்` இவற்றில் ஒன்றையும் பிடிக்கவில்லை. அடியை மட்டும் வைப்போம் என்று `கூட்ட` என்று வெட்டினேன். உடனே பிடித்தவற்றில் முதலாவது, "கூட்டுல உப்பு கொஞ்சம் கம்மி".

கண்ணுக்கு 'ட்டு' வேறு, 'ட்ட' வேறு. கணினிக்குள் 'டு' என்பது ட-வும் அதன் பின்னால் உகரக் குறியும், இரண்டு துண்டு. ஆகவே `கூட்ட` என்ற தொடர் 'கூட்டு' என்பதற்குள் அச்சு அசலாக இருக்கிறது, 'அம்மாவைக் கூட்டிட்டு வந்தேன்' என்பதற்குள்ளும் இருக்கிறது. தீர்வு சுலபமாகவே கிடைத்தது. வேற்றுமை ஏறினால் 'கூட்ட'வுக்கு அடுத்து ம அல்லது த தான் வரும், எனவே `கூட்ட[மத]`. கூட்டம், கூட்டமா, கூட்டத்தில் எல்லாம் சிக்கும், கூட்டும் கூட்டிட்டும் தப்பிக்கும். சாப்பாட்டுக்கு `சாப்பா` போதும், சாப்பாடு, சாப்பாட்டை இரண்டுமே அதில் அடங்கிவிடும். ஆங்கில எழுத்தில் எழுதுபவர்களுக்காக `sa+p+a+d`. Sapadu, saapaadu, sappaadu என்று எப்படி எழுதினாலும் சிக்கும், அவர்கள் எல்லா விதமாகவும் எழுதுகிறார்கள்.

வேர்வைதான் எனக்குப் பிடித்த உதாரணம். வெக்கை தலைப்புக்கு `வேர்` என்று வைத்தேன், வேர்வை, வேர்க்குது, வேர்த்து எல்லாம் வரட்டும் என்று. வந்தன. கூடவே வேர்க்கடலையும் வந்தது, ஏனென்றால் ஒரு மேசையில் பழைய பாணியில் காகிதச் சுருளில் கச்சாங் பூத்தே கொடுத்திருந்தோம், பெரியவர்கள் நாலைந்து பேர் உருகி எழுதியிருந்தார்கள். `வேர்க்க` என்று நீட்டிப் பார்த்தேன், அப்போதும் கடலை விடவில்லை. கடைசியில் `வேர்க்கு|வேர்த்|வேர்வை|வியர்` என்று ஆயிற்று. `வரிசை`யிலும் இதே மாதிரி ஒன்று: "பிள்ளைங்க வரிசையா ஆடினது அழகு". அதனால் வரிசைத் தலைப்பின் தொடர் இப்படி முடிந்தது:

```
\bq\b|queu|queing|க்யூ|கியூ|வரிசையில|வரிசைல|கூட்ட[மத]
```

மறுபடி எண்ணினேன். இந்த முறை ஒரு கருத்து இரண்டு மூன்று தலைப்பில் வரலாம், எனவே கூட்டினால் 386 வராது, வரவும் கூடாது. உணவு 149. வெக்கை 33. வரிசை 97. முதல் ஓட்டத்தில் 23 என்று வந்த அதே வரிசைதான். 64 உணவுக்குள் புதைந்து கிடந்தது, 10 மற்றவைக்குள் 'Q' என்றும் 'கியூ' என்றும் கிடந்தது.

இதை எவ்வளவு நம்பலாம்? 80 கருத்தைக் குலுக்கி எடுத்து, நானும் மகளிர் குழு அக்கா ஒருவரும் தனித்தனியாக, சூத்திரம் என்ன சொன்னது என்று பார்க்காமல், கையால் தலைப்புப் போட்டோம். வரிசை பற்றியவை என்று எங்கள் கணக்கில் 22. சூத்திரம் பிடித்தது 20, அதில் சரியானது 18. அதாவது பிடித்ததில் இரண்டு தப்பு, பிடிக்கவேண்டியதில் நாலு விட்டுப்போயிருக்கிறது. 80-ஐ வைத்து விழுக்காடு போட்டுப் பெருமையடிக்க முடியாது. ஆனால் அந்த ஆறும் என்னென்ன என்று பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது.

விட்டுப்போன நாலில் ஒன்று, "கால் கடுக்க நின்னோம்". இன்னொன்று, "இலை கிடைக்க அரை மணி ஆச்சு". மூன்றாவது, "next time open 2 counters". இவற்றில் வரிசை என்ற பேச்சே இல்லை. எந்தச் சொல்லைச் சேர்த்து இதைப் பிடிப்பது? நாலாவதில் `waited` இருந்தது, சரி `wait` சேர்க்கலாம் என்று பார்த்தால், "can't wait for next year!" என்று பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள். `waited` மட்டும் அடுத்த முறைக்கென்று குறித்துவைத்தேன், மற்ற மூன்றையும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சொல் சேர்த்துக்கொண்டே போனால் இந்த 386-க்கு அளவெடுத்துத் தைத்த சட்டைதான் கிடைக்கும், தீபாவளிக்கு அது பொருந்தாது.

தப்பாகப் பிடித்த இரண்டும் "no Q at 11am, very smooth" ரகம். இதில் எனக்கும் அக்காவுக்கும் ஆரம்பத்தில் ஒத்துவரவில்லை. "வரிசையைப் பத்தித்தானே தம்பி சொல்றாங்க?" என்றார் அவர். நான் குறை சொன்னதை மட்டும் வரிசை என்று எடுத்திருந்தேன். கடைசியில் என் வழியில்தான் 22 என்று வைத்தோம், ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதே சரி. தலைப்பு என்பது எதைப் பற்றி என்பதைத்தான் சொல்லும். நல்லதா கெட்டதா என்பதைச் சொற்பட்டியல் சொல்லாது, 'நல்லா இல்ல' என்பதிலும் 'நல்லா' இருக்கிறது.

இதனால்தான் புதன்கிழமை அறிக்கையில் எண்களை மட்டும் போடாமல், வரிசையின் 97-ஐயும் உணவின் 149-ஐயும் நாங்கள் இருவரும் உட்கார்ந்து முழுக்கப் படித்து, குறையா நிறையா என்று பிரித்தோம். இரண்டு தலைப்புதான், ஒரு மாலை ஆயிற்று. வரிசையில் 83 குறை. உணவில் குறை 21, அதிலும் பாதி 'ஆறிப்போச்சு' என்பவை. அவர்களில் பெரும்பாலோர் வரிசைத் தலைப்பிலும் இருந்தவர்கள்.

அண்ணன் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சாப்பாடு பிரச்சினை இல்லையா?"

"இல்லண்ணே. சாப்பாடு கைக்கு வர்றதுதான் பிரச்சினை."

கேட்டரர் அதே ஆள்தான். பரிமாறும் மேசை இரண்டாகிறது, பதினொரு மணிக்கு ஒரு தொகுதி, பன்னிரண்டரைக்கு ஒரு தொகுதி என்று சீட்டில் நேரம் அச்சடிக்கிறோம்.

பிறகு தீபாவளி நிகழ்ச்சிக்கு அதே பட்டியலை அப்படியே ஓட்டினேன். 'மற்றவை' மூன்றில் ஒரு பங்குக்கு ஏறிப்போயிற்று. திறந்து பார்த்தால் பாதி மருதாணி மேசை, மீதியில் மழையில் ஒழுகிய கூடாரம். இரண்டுமே பொங்கல் பட்டியலில் இல்லாத விஷயம். இந்த முறை உணவங்காடியில் உட்கார்ந்து யோசிக்கவில்லை, முதல் அறுபது கருத்தைப் படித்து, அவர்கள் எழுதிய சொற்களையே எடுத்துச் சேர்த்தேன். மழைக்கு `rain` என்று போட்டதும் `train` வந்து நின்றது, எம்ஆர்டி நிலையத்திலிருந்து வழிகாட்டிப் பலகை இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். `\brain`.

சோதனைக்கென்று ஒரு வரியை மட்டும் இரண்டு தாளிலும் மேலே ஒட்டி வைத்திருக்கிறேன், பட்டியலைத் தொட்டபோதெல்லாம் முதலில் அதைத்தான் பார்ப்பேன். பொங்கலுக்கு வந்த ஓர் ஆன்ட்டி எழுதியது: "கூட்டு பிரமாதம், கூட்டம்தான் தாங்கல, photo மட்டும் அனுப்புங்க". உணவு, வரிசை இரண்டிலும் விழவேண்டும், வெக்கையில் விழக்கூடாது. போன வாரம் யாரோ `hot` என்பதை மறுபடி சேர்த்திருக்கிறார்கள்.